சார் சொல்லாத வரிகள்

அன்று காலை சார் கையில் ஒரு காகிதத்தோடு தன் அறையிலிருந்து வெளியே வந்தார். என் மேசை அவருடைய அறை வாசலை ஒட்டியே இருக்கும். காகிதத்தை என் கீபோர்டின் மேலேயே வைத்தார். முகம் சிவந்திருந்தது.

“யாரும்மா இந்த ஆளு? திமிரப் பாருங்க. வால்வு லீக் ஆனதுக்கு ஸ்டோர்ல சரியா வைக்காததுதான் காரணமாம். நம்மளையே குத்தம் சொல்றான். இன்னிக்கே பதில் போகணும், நல்லா காட்டமா எழுதுங்க.”

எடுத்துப் பார்த்தேன். முந்தைய நாள் புனேயில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்பிய மெயில் அது. எழுதியவள் நான். படித்துப் பார்த்து “போகட்டும்” என்றவர் அவர். அடியில் இருந்தது அவருடைய பெயர்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“சார், இது நாம அனுப்பினது. நேத்து நீங்க பாத்தீங்களே.”

“நாமளா?”

காகிதத்தைத் திருப்பி எடுத்துக் கீழே இருந்த பெயரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் போய், கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட குழந்தையின் முகம் போல ஒன்று வந்தது. மறு நொடியே, “ஆமா, ஆமா. சும்மாதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த அக்கவுண்ட்ஸ் பெண், “ஏன்க்கா, சார் திட்டிட்டாரா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் பம்புகளுக்கு வால்வு செய்யும் தொழிற்சாலை அது. சாரும் அவருடைய தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். இங்கே சார் தலைமை. ஓசூர் யூனிட்டைத் தம்பி பார்த்துக்கொண்டார். நான் சாருடைய உதவியாளர். அவருடைய மெயிலைத் திறக்கவும் அவர் பெயரிலேயே அனுப்பவும் எனக்கு அனுமதி உண்டு. ஆனால் நாங்கள் வைத்திருந்த முறை ஒன்றுதான். நான் எழுதி அவருடைய டிராஃப்ட்டில் வைப்பேன். அவர் படிப்பார். “போகட்டும்” என்ற பிறகுதான் அது போகும்.

அவர் குரலில் எழுதுவது எனக்குச் சுலபமாக வரவில்லை. சேர்ந்த புதிதில் “தங்கள் மேலான கவனத்திற்கு” என்ற தினுசில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். அவர் மேலிருந்து கீழாக ஒரே கோடாக அடித்துவிடுவார். அப்புறம் அவர் பழைய மெயில்களை உட்கார்ந்து படித்தேன். யாருக்கு எப்படி எழுதுகிறார் என்று பார்த்தேன். முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிடுவார். காரணம் அடுத்த வரியில். ஆச்சரியக்குறி கிடையாது. மெயிலின் அடியில் வெளியாருக்குத் தன் முழுப்பெயர், ஆலை ஆட்களுக்குப் பெயரின் முதல் எழுத்து மட்டும். கோபம் வந்தால் வாக்கியம் இன்னும் குட்டையாகும். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் ஒரே தடவை கேட்பார், மறுபடி கேட்கமாட்டார். அவர் சொல்லாத தேதியையோ வாக்குறுதியையோ நான் எழுதக் கூடாது. தெரியாத இடத்தைக் காலியாக விட்டு மஞ்சள் பூசி வைப்பேன், அவர் நிரப்புவார். போகப்போக அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்கு வரி வந்துவிடும்.

அன்று மதியம் சாப்பிடப் போகாமல் அனுப்பிய மெயில்களைத் திறந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன சொன்னார் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒரு காலத்தில் அறைக்குள் நடந்துகொண்டே பாதி மெயிலைச் சொல்லுவார். அப்புறம் நாலைந்து வார்த்தை. அப்புறம், “உங்களுக்குத்தான் தெரியுமே, எழுதுங்க.” மஞ்சள் பூசிய இடங்களைக்கூட, “நீங்களே பாத்துப் போடுங்க” என்றார். நான் போடவில்லை; ஆலை மேலாளரைக் கேட்டு நிரப்பினேன். என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு போர்மேனை ஓசூருக்கு மாற்றிய மெயில் கண்ணில் பட்டது. அதற்கு அவர் சொன்னது “அவன், ஓசூர்” என்ற இரண்டே சொற்கள். காரணம், மாற்றும் தேதி எல்லாம் ஆலை மேலாளரிடம் கேட்டு நான் எழுதியவை. படித்துவிட்டு “போகட்டும்” என்றார். படித்தாரா? திரையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாரா?

இத்தனை மாதமாக அவர் பெயரில் இந்த ஆலையிடம் பேசிக்கொண்டிருந்தது யார்?

மாலை ஷிப்ட் பஸ் புறப்படும் முன் அவர் மனைவிக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்துச் சொன்னேன்.

“சனிக்கிழமை வீட்டுக்கு வாம்மா. போன்ல வேணாம்” என்றார்.

நான் இருக்கும் லிங்கராஜபுரத்திலிருந்து ஜெயநகரில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் பஸ் மாறிப் போனேன். சார் பின்னால் தோட்டத்தில் இருந்தார். மேடம் என்னைக் கூடத்தில் உட்கார வைத்து, காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“எங்களுக்குத் தெரியும்மா. டாக்டர் சொல்லியே ரொம்ப நாளாச்சு. மறதி வியாதி. இனிமே கூடத்தான் செய்யுமாம்.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

“ஆபீஸ்ல யாருக்கும் தெரியல இல்ல? அது உன்னாலதான். நீ எழுதுறது அப்படியே அவர் மாதிரியே இருக்கு. போர்டு மீட்டிங் வரைக்கும் இப்படியே ஓட்டிடும்மா. புது ஷெட்டுக்கு லோன் எடுக்கணும்ங்கிறது இவரோட ஆசை. அது முடிஞ்சிடட்டும். இவரோட தம்பிக்குத் தெரிஞ்சா முதல்ல இவரை ஓரம் கட்டிடுவான்.”

எனக்குத் தெரியாத ஒன்றை நான்தான் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“மேடம், சார் சொன்னதைத்தான் நான் அவர் மாதிரி எழுதுவேன். அவர் சொல்லாததை எழுதினா அது என் முடிவுதானே? லோன் வேணும்னு நான் எழுதிட்டு அவர் பேரைப் போட முடியுமா?”

“அவர் மனசுல இருக்கிறதுதானே? உனக்குத் தெரியாதா?”

“தெரியும்னு நினைச்சேன் மேடம். இப்ப தெரியல.”

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எழுந்து போவதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் இருந்தேன். அப்போது பின்வாசலில் இருந்து சார் குரல் வந்தது.

“அந்தப் பொண்ணைத் திட்டாதே.”

எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று அவருக்குத் தெளிவான நாள்.

“புனே லெட்டர் பாத்தேனே, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சும்மா. என் பேரு கீழ இருக்கு. ஒரு வரிகூட ஞாபகம் இல்ல.” என் பையைப் பார்த்து, “தம்பிக்கும் மத்த டைரக்டருங்களுக்கும் ஒரு மெயில் போகணும். லேப்டாப் இருக்கா? எழுதுங்க” என்றார்.

திறந்தேன். வழக்கம்போல, “உங்களுக்குத்தான் தெரியுமே” என்றார்.

“இல்ல சார். இதை நீங்க சொல்லுங்க. நான் டைப் மட்டும் அடிக்கிறேன்.”

சொன்னார். நிறுத்தி நிறுத்தி, சொன்னதையே திரும்பச் சொல்லி, தமிழும் கன்னடமும் ஆங்கிலமுமாகச் சொன்னார். சின்ன வயதில் தம்பியோடு ஒரே லேத் மெஷினில் மாறி மாறி வேலை செய்தது, டாக்டர் சொன்னது, ராத்திரி பாத்ரூம் வழி தெரியாமல் நின்றது. நான் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே போனேன். என்னை அறியாமலே என் கை அதை வெட்டியது. முதல் வரியில் முடிவை வைத்தேன்: உடல்நிலை காரணமாகப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். அடுத்து ஒரு வரி காரணம். லேத்தைக் காணோம், பாத்ரூமைக் காணோம். அச்சு அசல் அவர் மெயில்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“நல்லா இருக்கு,” என்றார். “ஆனா நான் இப்படிச் சொல்லலையே.”

செவிட்டில் அறைந்தது போல இருந்தது.

“எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேனே. அது எங்க?”

அந்தச் சொல்லை அவர் எந்த மெயிலிலும் எழுதியதில்லை. அதனால் அவர் வாயால் சொல்லியும் என் காதில் அது விழவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கேட்டேன். அவர் சொன்ன வரிசையிலேயே, திரும்பச் சொன்னதைத் திரும்பவே அடித்தேன். மேடம் பக்கத்தில் வந்து நின்று படித்தார். தடுக்கவில்லை. முடித்ததும் சார் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எந்த பட்டன் என்று என்னிடம் கேட்டு, அவரே அழுத்தினார்.

நான் லிங்கராஜபுரம் திரும்பும் முன்பே தம்பி ஓசூரிலிருந்து காரில் வந்துவிட்டாராம். அண்ணன் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதார் என்று மேடம் பிறகு போனில் சொன்னார். மேடம் பயந்த சண்டை எதுவும் நடக்கவில்லை. பொறுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டார். லோன் பேச்சைத் தள்ளி வைத்தார்கள்.

தம்பி வந்த முதல் வாரம் என்னைக் கூப்பிட்டார். கடந்த மாதங்களில் அண்ணன் பெயரில் போன மெயில்களில் முக்கியமானதை எல்லாம் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். சந்தேகம் வந்த இடத்தில் உரியவருக்கே போன் செய்து கேட்டார். போர்மேனுக்கும் போன் போட்டார். “நான்தான் ஓசூருக்கு மாத்தச் சொல்லி சாரைக் கேட்டேன் சார், அம்மா அங்க தனியா இருக்காங்க” என்றார் அவர். நான் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எல்லாம் முடிந்ததும் தம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “கூடப் பொறந்தவன் நான். எனக்கே தெரியலம்மா. அண்ணனே எழுதின மாதிரி இருந்துச்சு. இனிமே எனக்கும் நீங்கதான் எழுதணும்.”

பாராட்டாகத்தான் சொன்னார். என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். காரணம் கேட்டார்; முழுதும் சொல்லத் தெரியவில்லை. கொள்முதல் பிரிவில் இடம் கொடுத்தார்கள். அங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை, ரப்பர் வளையம் சப்ளை செய்பவருக்கு விலை கேட்டு ஒரு மெயில். என் பெயரில் போக வேண்டியது. சாதாரண நாலு வரி. முதல் வரியை எழுதினேன், அது சார் எழுதுவது போல இருந்தது. அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். நான் எப்படி எழுதுவேன் என்று எனக்கே தெரியவில்லை. டீ வந்து ஆறிப்போகும் வரை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.