சாக்கில் போன ஆக்சில்

வாய் இருந்தால் எதையும் விற்கலாம் என்று நம்பிய வயது அது. இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன், அது வேறு விஷயம். மலாக்கா டவுனில் தோட்டங்களுக்கு மெஷின் விற்கும் கம்பெனியில் நான் விற்பனைக்காரன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெம்பானுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் ரோலர் மெஷின் விற்றுக் காட்டினால் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். விற்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் புரியாமல் இல்லை.

ரோலர் என்பது, உறைந்த ரப்பர் பாலை நசுக்கித் தாளாக்கும் மெஷின். அந்தத் தோட்டத்துப் பழைய ரோலரின் பல்சக்கரம் உடைந்துபோய், தினமும் பாலை மாட்டுவண்டியில் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது பால் பதப்படுத்தும் கொட்டகைக்கு, அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பால் பாலாக இருக்கும்வரை அனுப்பலாம். ஆசிட் ஊற்றி விட்டால் சில மணி நேரத்தில் தட்டிலேயே உறைந்துவிடும். அப்புறம் அன்றைக்கே ரோலரில் போட வேண்டும்; விட்டால் கட்டிப்போய் மட்டச் சரக்காகிவிடும். எங்கள் புது மெஷினை ஓட்டிக் காட்டும் நாளில் ஆசிட்டை முன்கூட்டியே ஊற்றி வைப்பதாகத் தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, ஒத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலையில் எங்கள் வேன் கம்பெனி வாசலைத் தாண்டவில்லை. மெஷினின் கனத்தோடு வாசல் மேட்டில் ஏறும்போது பின்பக்கம் 'டக்' என்றது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. டிரைவர் அண்ணன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

"ஆக்சில் முறிஞ்சு போச்சுடா. சிங்கப்பூர்லருந்து சாமான் வரணும். இன்னைக்கு இல்ல, நாளைக்கும் இல்ல."

நான் நேராக டெலிபோனுக்கு ஓடினேன். தோட்டத்தில் பால் சேர்த்து முடிப்பதற்குள் சொல்லியாக வேண்டும். ஆபரேட்டர் இணைப்புக் கொடுக்க, பெரிய கிராணியே எடுத்தார்.

"ஐயா, இன்னைக்கு வர முடியலைங்க. வேன் ஆக்சில் முறிஞ்சு போச்சு. தயவுசெஞ்சு ஆசிட் ஊத்திடாதீங்க, பாலை வழக்கம்போல பக்கத்துத் தோட்டத்துக்கே அனுப்பிடுங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை.

"நீயுமா தம்பி? போன வாரம் மளிகை லோரி ரோசாக். அதுக்கு முந்தி படம் காட்டுற வேன் ரோசாக். எங்க ரோட்டுப் பேரைக் கேட்டாலே எல்லாருக்கும் வண்டி ரோசாக் ஆயிடுதுலா. பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போயேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எமர்ஜென்சி நேரம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்கள் ரோட்டில் வண்டியை மறிப்பதும் சுடுவதுமாக இருந்த வருஷங்கள். தோட்டத்து ரோட்டுக்குப் போக நடுங்கியவர்கள் எல்லாருக்கும் கைவசம் இருந்த சாக்கு 'லோரி ரோசாக்', அதாவது வண்டி கெட்டுப்போச்சு, என்பதுதான். ஆனால் என் ஆக்சில் நிஜமாகவே முறிந்திருந்தது! எனக்கு ரத்தம் கொதித்தது.

"சத்தியமா முறிஞ்சுதுங்க! சாமான் வந்த உடனே வர்றோம். வர்ற வியாழக்கிழமை காலையில நாங்க—"

"டேய் டேய், வாயை மூடு!" என்று கத்தினார். "எந்த வண்டி எப்ப வருதுன்னு போன்லயா சொல்றது? எத்தனை காது கேக்குதோ! உனக்கு அறிவு இருக்கா? நீ ஒரு நாளும் சொல்ல வேணாம். அடுத்த தடவை உன் வேன் என் கேட்டுக்குள்ள நுழைஞ்ச பிறகுதான் நான் ஆசிட் பாட்டிலையே தொடுவேன். இல்லாட்டி வேற கம்பெனிக்காரன் இருக்கான்."

வைத்துவிட்டார்.

கேட்டுக்குள் நுழைந்தபின் ஆசிட் ஊற்றினால் உறைய மத்தியானம் தாண்டும். அதற்கப்புறம் ஓட்டிக் காட்டி, மெஷினைக் கழற்றி ஏற்றி, இருட்டுவதற்குள் அந்த ரோட்டைக் கடப்பது நடக்காத காரியம். சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதாவது, கிராணி நம்பாதவரை என் மெஷின் ஓடாது. அவர் முன்கூட்டியே ஆசிட் ஊற்ற, எந்த நாள் வருகிறேன் என்று சொல்லவேண்டும். அதையும் போனில் சொல்லக் கூடாது. என்னடா இது வம்பு என்று கொஞ்ச நேரம் நின்றேன். கொஞ்ச நேரம்தான். டிரைவர் அண்ணன் கழற்றி வைத்திருந்த முறிந்த துண்டை ஒரு சாக்கில் சுருட்டிக்கொண்டு ஜாசின் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்த நாளில் சாக்கு தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவன் என்னை மாதிரி முழு மடையனாகத்தான் இருக்க முடியும். காட்டுக்காரர்களுக்கு அரிசி போகக் கூடாது என்று போலீஸ் மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா சாக்கைப் பார்த்துவிட்டு, "ஐயோ சாமி, எனக்கு எதுக்கு!" என்று எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பெம்பானில் இறங்கிச் செம்மண் ரோட்டில் நடந்து தோட்டத்துக் கேட்டை அடைந்தேன். முள்கம்பி வேலி, மணல்மூட்டை, துப்பாக்கியோடு காவலுக்கு ஒரு மாத்தா, மலாய்க்காரப் போலீஸ்காரர். சாக்கை அவர் காலால் தட்ட, உள்ளே இருந்த இரும்பு 'ணங்' என்றது. அரிசி என்றாலாவது பேசியிருக்கலாம். துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேராக வந்தது. எனக்குத் தெரிந்த மலாயில் அப்போது நினைவுக்கு வந்தது இரண்டே வார்த்தை. கையைத் தூக்கிக்கொண்டு, "லோரி ரோசாக், என்சே! லோரி ரோசாக்!" என்று மட்டும் கத்தினேன்.

சத்தம் கேட்டு ஆபீசிலிருந்து பெரிய கிராணி ஓடிவந்தார். தலை நரைத்த, ஒல்லியான மனிதர். மாத்தா சாக்கை உதற, கிரீஸ் பூசிய இரும்புத் தண்டு மண்ணில் விழுந்தது. ஒரு முனையில் முறிந்த இடம் பளபளவென்று புதுசாகத் தெரிந்தது. கிராணி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, கையைத் தூக்கியபடி நின்ற என்னைப் பார்த்தார்.

"அடப்பாவி," என்றார். "எத்தனையோ பேர் ரோசாக்னு சொன்னானுங்க. ரோசாக்கைச் சுமந்துகிட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்டா."

மாத்தாவிடம் மலாயில் விளக்கினார். அவரும் சிரித்துவிட்டுத் துப்பாக்கியை இறக்கினார். எனக்குத்தான் கையை இறக்க வேண்டும் என்பதே தோன்றவில்லை.

"கையைக் கீழ போடு. டீ குடிக்கிறியா?"

"அதுக்கு முந்தி ஒரு விஷயம் சொல்லணுங்க," என்றேன். கிட்டப் போய் அவர் காதில் நாளையும் நேரத்தையும் சொன்னேன். போனில் உளறியதால் வியாழன் இல்லை, மறுநாள் வெள்ளி. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"அன்னைக்கு முதலாளி வர்றாரு," என்றார் மெதுவாக. "அவர் முன்னாடி பால் வீணாப் போச்சுன்னா என் கதை அவ்வளவுதான்." ஆசிட்டைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சாமான் தம்பின் ஸ்டேஷனுக்கு ரயிலில் வந்தது. டிரைவர் அண்ணன் மாட்டி, மெஷினை ஏற்றிப் பாரத்தோடு மேட்டில் ஏற்றிப் பார்த்து, "இனி முறியாது" என்றார். வெள்ளிக்கிழமை பெம்பான் தாண்டிச் செம்மண் ரோட்டில் திரும்பியபோது இரண்டு பக்கமும் மரங்களைப் பார்த்துக்கொண்டே போனோம். பயம் எனக்கும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

மாத்தா என்னைப் பார்த்ததும் தானே இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார். ஸ்டோர் வாசலில் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் கிராணி. மெஷினை இறக்க ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தேன்.

வரிசை வரிசையாகத் தட்டுகள். ஒன்றில் விரலை வைத்தேன். பால் உறைந்திருந்தது.