பில், பெட்டி, கார்டு

பிரிட்ஜை விற்க வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு மணியாச்சிக்கு மாற்றல். அங்கே கிடைத்த வீட்டில் அதை வைக்க இடமில்லை. வாங்கி இரண்டு வருசம்தான் ஆகியிருந்தது.

கோவில்பட்டி கேபிள் டிவியில் ஓட்டுவதற்கு விளம்பரம் எழுதினேன். "ஒரிஜினல் பில், பெட்டி உண்டு. கம்ப்ரசருக்கு இன்னும் மூன்று வருட வாரண்டி. கார்டில் பெயர் மாற்றித் தரப்படும்."

என் அண்ணன் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஏட்டி, இதெல்லாம் எவனாவது எழுதுவானா? நாளைக்கு ரிப்பேருன்னா உன் வாசல்ல வந்து நிப்பான்."

நான் எழுதினதை மாற்றவில்லை. யாரிடமும் அதிகம் பேசாதவள் நான். பேசாதவளுக்குப் பிடிவாதம் மட்டும் உண்டு. அந்த அட்டைப்பெட்டியை, வீட்டில் ஒட்டின தீப்பெட்டிகளைப் போட்டுவைக்கத் தா என்று தெருவே கேட்டது. மடித்துக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன், உள்ளிருந்த தெர்மாகோலையும்.

விளம்பரம் ஓடின மறுநாளே பழைய சாமான் கடைக்காரர் வந்தார். கதவைத் திறந்து பார்த்தார், கை வைத்துப் பார்த்தார். "குளிர்ச்சி இருக்கு" என்றார். அவர் சொன்ன விலை நான் கேட்டதில் பாதிக்கும் கீழே.

"பில்லு இருக்கு, அண்ணாச்சி" என்றேன்.

"அந்தத் தாளுக்கு என்னம்மா மதிப்பு? பழசுன்னா பழசுதான். கைமாறுனா கம்பெனிக்காரன் வாரண்டியே குடுக்க மாட்டான்."

கார்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். உரிமையாளர் மாறினால், விற்ற கடையில் பில்லைக் காட்டிப் புதுப் பெயர் எழுதி சீல் வாங்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை.

கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். "சரி அண்ணாச்சி. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கோங்க. மதிப்பில்லாத பில்லும் கார்டும் என்கிட்டயே இருக்கட்டும்."

அவர் முகம் மாறியது. "அது எப்படிம்மா? அது இல்லாம நான் எங்கன போயி விக்க?"

"அப்ப மதிப்பு இருக்குல்லா?"

பின்னால் நின்ற அண்ணன் சிரித்துவிட்டான். கடைக்காரர் விலையை ஏற்றினார். நான் கொடுக்கவில்லை.

நான் கேட்ட விலைக்கு வாங்கியவர் கடம்பூரில் போளிக் கடை வைத்திருந்தார். நான் பிரிட்ஜ் வாங்கின ஷோரூமுக்கு என்னோடு வந்தார். "பழைய சாமானுக்கெல்லாம் சீல் போட மாட்டோம்" என்றான் கவுண்டரில் இருந்தவன். கார்டின் பின்பக்கத்தை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நின்றேன். முதலாளி வரட்டும் என்றான். வரட்டும் என்றேன். வந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, என் பெயரை அடித்து, போளிக் கடைக்காரர் பெயரை எழுதி, சீல் குத்தினார்.

வீட்டுக்குத் திரும்பி, பெட்டிக்குள் தெர்மாகோல் வைத்து, அண்ணனும் கை கொடுக்க, நிமிர்த்தியே லோடு ஆட்டோவில் ஏற்றினோம். "ரிப்பேருன்னா உங்களத்தான் கேப்பேன்" என்று போளிக் கடைக்காரர் சிரித்தார்.

"கேளுங்க. கார்டுல கம்பெனி போன் நம்பர் இருக்கு" என்றேன். அண்ணன் முகத்தைப் பார்த்தபடியேதான் சொன்னேன்.