ஆறு திருப்பித் தராத நேரம்

படகுத்துறையில் அவருக்குப் பெயர் ‘கரெக்டு’. ‘கரெக்டா வந்துடுவேன்’ என்று வாய்க்கு வாய் சொல்லிவிட்டு, ஒரு நாளும் நேரத்துக்கு வராத படகோட்டிக்கு ஊர் வேறென்ன பெயர் வைக்கும்?

மேல்துறையிலிருந்து கீழ்த்துறைக்கு ஆளேற்றிப் போய்த் திரும்புவது அவர் பிழைப்பு. திரும்ப எப்போதும் எட்டுப் பத்து நிமிடம் தாமதம். கேட்டால், பயணி டீ குடித்துவிட்டு மெதுவாக வந்தார் என்பார். ஆகாயத்தாமரை இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! ஆற்றை மட்டும் குறை சொல்லவே மாட்டார்.

“ஆறு நியாயஸ்தன்யா. போறப்ப தள்ளி விடுது, வர்றப்ப பிடிச்சு இழுக்குது. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு” என்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு நாற்பத்தெட்டாவது வயதில் கல்யாணம் கூடிவந்தது. பெண், துறைக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவள். அவளோடு பேசுவதற்காகவே இவர் நல்ல சட்டைகளின் பொத்தானைப் பிய்த்து எடுத்துப் போவார் என்று ஊர் சொல்லும், பொய்யில்லை. இருவருக்கும் ஆரவாரம் பிடிக்காது, மேல்துறைப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை, அலுவலகம் பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடும்.

அன்று பார்த்தா மாற்று ஓட்டுநருக்குக் காய்ச்சல் வர வேண்டும்! மேலே அணையைத் திறந்துவிட்டதில் ஆறு வேறு பெருகி ஓடியது.

“இன்னைக்கு ஒரு நாள் படகை நிறுத்துங்களேன்” என்றாள் தையல்காரி.

“ஜனங்க காத்துக்கிட்டிருப்பாங்க. ஆத்துல ஓட்டமே இல்லேன்னா போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஓட்டத்துல போறப்ப மிச்சமாகுறதை வர்றப்ப கொடுக்கப்போறேன். நீ சேலையைக் கட்டிக்கிட்டு இரு. கரெக்டா வந்துடுவேன்.”

ஒன்பது மணிக்குக் கிளம்பினார். ஆறு படகைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது. நாற்பதே நிமிடத்தில் கீழ்த்துறை! மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். இருபது நிமிடம் மிச்சம். வரும்போது அந்த இருபதைக் கூட்டினால் ஒரு மணி இருபது நிமிடம். ஏற்றி இறக்கிப் பத்து இருபதுக்குத் திரும்பினாலும் பதினொன்று நாற்பதுக்கு மேல்துறையில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டார்.

திரும்பும்போது இன்ஜின் முழு மூச்சில் உறுமியது. கரை நகர்வேனா என்றது. பாதி வழியில் இருக்கிற செங்கல் சூளைப் புகைபோக்கி பக்கத்தில் வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் முழுசாகப் போயிருந்தது.

“என்ன கரெக்டு அண்ணே, இன்னைக்கு யார் டீ குடிச்சாங்க?” தக்காளிக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள். படகே சிரித்தது.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புகைபோக்கியைப் பார்த்தபடியே யோசித்தார். தள்ளிவிட்ட தண்ணீரில் அவர் இருந்தது நாற்பது நிமிடம். இழுத்துப் பிடிக்கிற தண்ணீரில் இரண்டு மணி நேரம் கிடக்க வேண்டும். உதவி கொஞ்ச நேரம், உபத்திரவம் ரொம்ப நேரம். இது எப்படிச் சரியாகப் போகும்? அட, தினமும் அந்த எட்டுப் பத்து நிமிடமும் இப்படித்தான் போயிருக்கிறது! பாவம், எத்தனை பேர் டீயின்மேல் பழி போட்டாயிற்று.

நடு ஆற்றை விட்டு நகராத கௌரவக்காரர், அன்று சுக்கானைத் திருப்பிக் கரையோரம் ஒதுங்கினார். ஓரத்தில் ஓட்டம் குறைவு. நாணல் பயணிகளின் முழங்கையை உரசியது. அப்படியும் மேல்துறையில் கயிற்றைப் போட்டபோது மணி பன்னிரண்டு பத்து.

நீலச்சேலையில் அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“பூட்டிட்டாங்க. சாட்சிக்கு வந்தவங்களும் போயிட்டாங்க” என்றாள்.

இறங்கியவர்கள் யாரும் நகரவில்லை. இப்போது யார் தலை உருளுமோ என்று காத்திருந்தார்கள்.

“என் கணக்கு தப்பு” என்றார் அவர். “யார் மேலயும் குத்தமில்ல. இத்தனை வருஷமா தப்பு. இன்னைக்கு உன்னை உக்கார வெச்சுட்டேனே...”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

“கீழ்த்துறையிலயும் பதிவு ஆபீஸ் இருக்கு. திங்கக்கிழமை நானும் படகுல வர்றேன். போறப்ப நீங்க சீக்கிரம் போயிடுவீங்கல்ல?”

“போயிடுவேன். ஆனா திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆகுமே!”

“ஆகட்டுமே. நானும் படகுலதானே இருப்பேன்?”