கொப்பரை விலையும் அவர் குரலும்

என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஓமலூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு மரச்செக்கு எண்ணெய்க்கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் மோட்டாரில் ஓடும் செக்கு. அதற்கும் பின்னால் ஆட்டிய எண்ணெயை வெயிலில் தெளிய வைக்கும் முற்றம். அவர் போன பிறகு பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் கடையைத் திறந்துவிட்டேன். சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது.

எண்ணெய் ஆட்டுவது எனக்குத் தெரியும். கொப்பரையைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். எனக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், விலை ஏறியதை வாடிக்கையாளரிடம் சொல்வது. அதை எப்போதும் அவர்தான் செய்வார். கடைக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார். நூற்றைம்பது குடும்பம் இருக்கும். விலை ஏறும்போதும் கடைக்கு விடுமுறை விடும்போதும் மட்டும் அதில் எழுதுவார். அவர் எழுதி, விலை ஏறியதற்காக ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டு போனதில்லை.

கொப்பரை விலை ஏறிக்கொண்டே போனது. நான் பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருந்தேன். புருஷன் செத்த கையோடு விலையை ஏற்றிவிட்டாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஒரு கட்டத்தில் தேங்காயெண்ணெய் விற்க விற்க நஷ்டம் என்றானது. சித்திரை வெயில் கொளுத்திய ஒரு முற்பகலில், ஆள் இல்லாத கடையில் உட்கார்ந்து அவருடைய போனை எடுத்தேன். கடைக்கு அதே எண்தான், அதே போன்தான். எழுத ஆரம்பித்து நாலைந்து தடவை அழித்தேன். ஒன்று கெஞ்சுவது போல இருந்தது, இன்னொன்று மிரட்டுவது போல இருந்தது.

அப்போதுதான் நட்சத்திரம் போட்டு அவர் சேமித்து வைத்திருந்த செய்திகளில் அந்தப் பழைய செய்தி கண்ணில் பட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் போட்டது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. கொப்பரை விலை ஏறினது உங்களுக்கே தெரியும். கலந்து வித்து விலையைப் புடிச்சு வெக்க எனக்கு மனசு வரலீங்க. அதனால வர்ற ஒண்ணாந்தேதியில இருந்து தேங்காயெண்ணெய் லிட்டருக்கு இருபது ரூபா கூடுதுங்க. அதுவரைக்கும் பழைய விலைதான், வேணுங்கறவங்க இப்பவே வாங்கிக்கலாம். கடலையெண்ணெய், நல்லெண்ணெய் விலையில மாத்தமில்லை. நான் உங்களை விட்டுட்டு எங்கயும் போயிர மாட்டேன். எழுத்துல சொல்றதுக்கு மன்னிச்சுக்குங்க. இந்த ஞாயித்துக்கிழமைல இருந்து ஒவ்வொரு ஊடா நேர்ல வந்து பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மொபட்டில் வீடு வீடாக எண்ணெய் கொண்டுபோய்க் கொடுப்பார், அதைத்தான் அப்படி எழுதியிருந்தார். எனக்கு அதைப் படித்தபோது வார்த்தைகள் எதுவும் தெரியவில்லை. அவர் குரல் மட்டும் கேட்டது. இருபதை நாற்பது என்று மாற்றினேன். வேறு ஒரு எழுத்தையும் தொடவில்லை. குழுவைத் திறந்தால் மேலே என்ன இருக்கும் என்று தெரியும். அதனால் பார்வையை எழுதும் இடத்திலேயே வைத்துக்கொண்டு, ஒட்டி, அனுப்பிவிட்டேன்.

வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் கட்டைவிரல்கள் வரும். "ஓகேங்க" வரும். யாராவது ஒருவர் "அண்ணா, பாத்துப் போட்டுக் குடுங்க" என்பார். அன்று ஒன்றும் வரவில்லை. மாலைக்குள் ஏறக்குறைய எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று போன் காட்டியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவரும் குழுவை விட்டு வெளியேறவும் இல்லை.

விலை ஏறப்போகிறது என்றால் பழைய விலைக்கு வாங்கி வைக்கக் கூட்டம் வர வேண்டும். மறுநாள் கடைக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. செக்கை நிறுத்திய பிறகு தெருவே அடங்கிக் கிடந்தது. எப்போதும் கடைக்கு வரும் பெண் ஒருத்தி, எதிர்ச்சாரியில் போனவள், என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாகப் போனாள். நான் சிரித்ததை அவள் பார்க்காதது போல இருந்தது.

மூன்றாம் நாள் ஒவ்வொருவராக வந்தார்கள். அதுதான் இன்னும் விசித்திரமாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். எண்ணெய்க்கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. சுவரில் மாலை போட்டிருந்த அவர் படத்தின் பக்கம் யாருமே திரும்பவில்லை. முதலில் வந்த அம்மா புது விலைக்கான பணத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இன்னும் பழைய விலைதானுங்க, ஒண்ணாந்தேதியில இருந்துதான் கூடுது" என்றேன்.

"இருக்கட்டும் அம்மிணி. அவரே கேட்ட பொறகு நாம கொறைச்சுக் குடுக்கலாமா?"

திருப்பிக் கொடுத்த பணத்தைத் தொடவே இல்லை. அடுத்து வந்தவர் எண்ணெய் வாங்கிக்கொண்டு படியிறங்கிய பிறகு, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நாங்க ஊட்ல இருக்க மாட்டோமுங்க. தாரமங்கலம் போறோம். சொல்லிப்போடுங்க."

"யாருகிட்டங்க சொல்றது?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

அன்று மதியம் தெருவழியாக நடந்தபோது பார்த்தேன். நிலைப்படிகளில் புதிதாக வேப்பிலை செருகியிருந்தது. ஒரு வீடு இல்லை, வரிசையாக ஏழெட்டு வீடு. எல்லாம் எங்கள் வாடிக்கைக்காரர்கள் வீடு. அம்மை வந்த வீடு எதுவும் அங்கே இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை.

இன்னும் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எதிர்க்கடையில் தையல் தைக்கும் பெண்ணிடம் போய் உட்கார்ந்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். "எனக்கு மட்டும் மறைக்காத. என்ன நடக்குது?" என்றேன். அவள் மிஷினை நிறுத்தினாள். தன் போனை எடுத்துக் குழுவைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

அவள் போனில் அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் அவர் முகம். மொபட்டில் உட்கார்ந்து சிரிக்கிற படம், அதை நான் மாற்றவே இல்லை. அதற்கு மேலே எங்கள் மகள் போட்டிருந்த மரணச் செய்தி. அதன் கீழே வரிசையாக ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல், கூப்பிய கைகள், ஆழ்ந்த இரங்கல். அதற்கப்புறம் எட்டு மாதம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. நேராக அவர் பேசுகிறார். எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் உங்களை விட்டுட்டு எங்கயும் போயிர மாட்டேன். ஞாயித்துக்கிழமைல இருந்து ஒவ்வொரு ஊடா நேர்ல வந்து பாக்கறேன்.

நானே அனுப்பியதுதான். இருந்தாலும் போனை அவள் மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"நீங்கதான் போட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியுமுங்கக்கா" என்றாள் அவள். "ஆனா அது உங்க பேச்சு மாதிரியே இல்லீங்க. அவரு பேச்சு. எங்கூட்டுக்காரரு அன்னிக்கிச் சோறே திங்கல."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவு வந்தது. குழுவில் யாரும் எழுதவில்லையே தவிர, தனியாக ஒரே ஒரு பதில் வந்திருந்தது. ஊர்க்கடைசியில் தனியாக இருக்கும் பெரியவர், முன்பு லாரி ஓட்டியவர். "வாங்க. கதவு தொறந்துதான் இருக்கும்" என்று எழுதியிருந்தார். ஏதோ மரியாதைக்கு எழுதியிருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்று திங்கட்கிழமை. ஞாயிறு முந்தின நாளே போய்விட்டது.

ஒரு பாட்டில் எண்ணெயை எடுத்துக்கொண்டு வண்டியில் போனேன். கதவு அகலத் திறந்திருந்தது. பெரியவர் சலவை வேட்டி, சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எதிரில் இன்னொரு நாற்காலி. இரண்டுக்கும் நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் இரண்டு டம்ளர். இரண்டின் அடியிலும் மோர் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஐயா, குரூப்புல வந்தது நான் போட்டதுங்க" என்றேன் வாசலில் நின்றபடியே. "அவரோட பழைய மெசேஜை எடுத்து யோசிக்காமப் போட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் முகத்தில் பதற்றம் எதுவும் இல்லை.

"உங்க ஊட்டுக்காரரு நேத்தே வந்துட்டுப் போயிட்டாருங்களே, சாமி."

கையிலிருந்த பாட்டிலை வாசல்படியில் வைத்தேன்.

"மோர் குடிச்சாரு. எப்பவும் போல உப்பு சேத்திப் போடச் சொன்னாரு. பழைய விலைக்கே ஓட்டிட்டு இருக்கறா, யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேங்கறா, எப்படிச் சமாளிக்கறாளோன்னு வருத்தப்பட்டாரு." எதிர் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க."

நான் உட்காரவில்லை. நஷ்டத்துக்கு விற்றதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட. கொப்பரை விலை தெரிந்த யாரும் ஊகிக்கக்கூடியதுதான் என்று வண்டியில் திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு டம்ளரையும் அவரே குடித்திருக்கலாம். வயதானவர், தனியாக இருப்பவர். இதையெல்லாம் அன்றும் சொல்லிக்கொண்டேன், இன்றும் சொல்லிக்கொள்கிறேன். அந்த நாற்காலி மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதன் மெத்தை அழுந்தியிருந்தது.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அவர் படத்தை எடுத்துவிட்டு, கடையின் படத்தைப் போட்டேன். பெயரையும் மாற்றினேன். பிறகு எழுதினேன். இந்தத் தடவை அழிக்கவில்லை.

"வணக்கம். நான் அவர் மனைவி எழுதுகிறேன். போன வாரம் வந்த செய்தியை நான்தான் போட்டேன். வார்த்தை அவருடையது, பழையது. அதை அப்படியே எடுத்துப் போட்டது என் தப்பு. யாரும் பயப்பட வேண்டாம், உங்கள் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். தேங்காயெண்ணெய் நாற்பது ரூபாய் கூடுவது மட்டும் நிஜம். ஆறு மாதமாக இழுத்துப் பிடித்தேன், இதற்கு மேல் முடியவில்லை. சொந்தப் பாத்திரம் கொண்டுவந்தால் பாட்டில் விலையைக் கழித்துக்கொள்கிறேன். முன்கூட்டியே புது விலை கொடுத்தவர்கள் மீதியை வாங்கிக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்."

போனை மேசையில் வைப்பதற்குள் அது அடித்தது. "நாப்பது ரூபா ரொம்ப ஜாஸ்திங்க அக்கா." அடுத்து, "டவுனுல இதைவிடக் கம்மியாக் கெடைக்குது." ஒருவர், "அவரு இருந்தா இப்படி ஒரேடியா ஏத்த மாட்டாரு" என்று எழுதினார். மூன்று பேர் குழுவை விட்டுப் போனார்கள். ஒருவர் அழுகிற முகம் ஒன்றைப் போட்டு, கீழேயே ஐந்து லிட்டர் வேண்டும் என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். என்னோடு சண்டை போடுகிறார்கள் என்றால் நான்தான் இங்கே இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் தையல்காரப் பெண் தூக்குப்போசியோடு வந்து நின்றாள். பாட்டிலுக்கு எவ்வளவு கழிப்பது என்று அரை மணி நேரம் வாதாடினாள். கடைசியில் அவள் சொன்னதற்கே இறங்கி வந்தேன். வேப்பிலைகள் காய்ந்து உதிர்ந்தன. விட்டுப்போன மூன்று பேரில் ஒருவர் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மற்ற இருவர் வரவில்லை.

ஒன்றாம் தேதி பெரியவர் தானே நடந்து வந்தார். எப்போதும் அரை லிட்டர்தான் வாங்குவார். அன்று ஒரு லிட்டர் கேட்டார். புது விலையை எண்ணிக் கொடுத்தார். அளந்து ஊற்றினேன். எதற்கு இவ்வளவு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.