திருப்ப மறந்த ஆக்ஸிஸ்

எங்கள் கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பெயர் 'கறார்'. வைத்தது நான்தான். லென்ஸ் செய்யும் லேபிலிருந்து வரும் ஒவ்வொரு கண்ணாடியையும் பவர் அளக்கும் லென்ஸ்மீட்டரில் வைத்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பார்க்கும்போது பக்கத்தில் எந்தக் காகிதமும் இருக்கக்கூடாது. முதலில் லென்ஸ் என்ன சொல்கிறது என்று ஒரு துண்டுத் தாளில் குறிப்பாள். பிறகுதான் டாக்டர் சீட்டைக் கையில் எடுப்பாள். சீட்டை முதலில் பார்த்தால் கண் அதையே தேடுமாம். உப்பைக்கூட அளவுக் கரண்டியில் போடுகிறவள் என்று அவள் புருஷன் ஒருமுறை கடைக்கு வந்தபோது புலம்பிவிட்டுப் போனார். நானும் சேர்ந்து சிரித்தேன். இருபது வருஷமாகக் கல்லாப் பக்கம் நின்று கண்ணாடி விற்கிறவன், எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

அவள் மூன்று நாள் லீவு போட்ட வாரத்தில் ஒரு பஸ் டிரைவரின் கண்ணாடி வந்தது. நானே சோதித்து நானே கொடுத்தேன். வியாழக்கிழமை அவர் திரும்பி வந்தபோது அவள் லீவு முடிந்து தன் இடத்தில் இருந்தாள்.

"அண்ணே, வலது கண்ணுல எழுத்துக்குப் பக்கத்துல நிழல் மாதிரி தெரியுது. திங்கக்கெழம டிப்போவுல கண் டெஸ்ட். தேறலன்னா வண்டி குடுக்க மாட்டாங்க."

"புதுக் கண்ணாடி அப்படித்தாங்க இருக்கும். ரெண்டு நாள்ல பழகிடும்" என்றேன். அதையேதான் முந்தின நாள் போனிலும் சொல்லியிருந்தேன்.

கறார் கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கினாள். ஃப்ரேமின் அடிப்பக்கம் மேடையில் நேராகப் படியும்படி வைத்தாள். வலது லென்ஸைப் பார்த்தபடி கருவியின் சக்கரத்தைத் திருப்பினாள். உள்ளே தெரியும் கோடுகளில் ஒரு பக்கக் கோடுகள் மைனஸ் ஒன்றில் தெளிந்தன, மற்றவை மைனஸ் ஒன்றே முக்காலில். வித்தியாசம் முக்கால்; ஒரு திசையில் மட்டும் கூடும் அந்த பவர்தான் சிலிண்டர், அது நிற்கும் கோணம்தான் ஆக்ஸிஸ். துண்டுத் தாளில் எழுதினாள்: ஸ்பியர் மைனஸ் ஒன்று, சிலிண்டர் மைனஸ் முக்கால், ஆக்ஸிஸ் தொண்ணூறு.

"டாக்டர் சீட்டு குடுங்கண்ணே."

நான் லேபுக்கு அனுப்பிய ஆர்டர் நகலை எடுத்துக் கொடுத்தேன்.

"இது நீங்க எழுதினது. டாக்டர் எழுதினது வேணும்."

டாக்டர் சீட்டில் ஸ்பியரும் சிலிண்டரும் அதேதான். ஆக்ஸிஸ் மட்டும் நூற்றெண்பது.

ஆர்டர் நகலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எங்கள் லேபுக்கு சிலிண்டரை பிளஸ்ஸில் மாற்றி எழுதி அனுப்பவேண்டும். ஸ்பியரோடு சிலிண்டரைக் கூட்டினேன், மைனஸ் ஒன்றே முக்கால். சிலிண்டரின் குறியை மாற்றினேன், பிளஸ் முக்கால். அப்படி மாற்றும்போது ஆக்ஸிஸைத் தொண்ணூறு டிகிரி திருப்பவேண்டும். அதை மறந்து நூற்றெண்பதையே எழுதிவிட்டேன். லேப் நான் எழுதியபடி செய்தது. நானோ, டாக்டர் சீட்டை விட்டுவிட்டு, நான் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று கொடுத்தேன். என் தப்புக்கு நானே சாட்சி. கண்ணாடியில் பவர் எல்லாம் இருந்தது, ஆனால் குறுக்கே இருக்கவேண்டியது நெடுக்கே நின்றது.

கறார் சோதனை ஃப்ரேமை டிரைவருக்கு மாட்டி, டாக்டர் சீட்டின்படி லென்ஸ்களைப் போட்டு, வலது பக்க ஆக்ஸிஸை நூற்றெண்பதில் வைத்தாள்.

"இடது கண்ண மூடிக்கோங்க. சுவத்துல இருக்கற சார்ட்டுல கடைசி வரி படிங்க."

கடகடவென்று படித்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். லேப் தப்பு என்று சொல்லியிருந்தால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அவளும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் வாயில் வரவில்லை.

"தப்பு என்னுதுதாங்க" என்றேன். "உங்க கண்ணுல ஒரு கொறையும் இல்ல. நான் தப்பா எழுதி அனுப்பிட்டேன்."

அன்றே சரியாக எழுதி லேபுக்கு அனுப்பினேன்; அவர் சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை புது லென்ஸ் வந்தது. கறார் வழக்கம்போல் முதலில் லென்ஸை வாசித்து, பிறகு டாக்டர் சீட்டோடு பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். டிரைவர் மாட்டிக்கொண்டு, எதிர்க் கடை போர்டை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். ஸ்டியரிங் வேண்டாம், டிப்போ வாசலில் உட்கார ஏதாவது வேலை கொடுங்கள் என்று அவர் கைப்பட எழுதிய விண்ணப்பம்.

"புதன்கெழம உங்ககிட்ட போன்ல பேசினதும் எழுதினது. டெஸ்டுக்குப் போகாம இத குடுத்திடலாம்னு இருந்தேன். வீட்லகூட சொல்லல."

"என்னங்க இது! அன்னைக்கு போன்லயே என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்கதான் பழகிடும்னு சொன்னீங்களே அண்ணே" என்றார். "பழகலன்னதும், என் கண்ணுதான் போயிடுச்சுன்னு நெனச்சுட்டேன்."