கொழும்புத்துறைக்கு இருபத்தாறு பசில்கள்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு விளையாட்டுப் பொருள் கடை இருக்கிறது. அங்கே துண்டுகளைப் பொருத்திப் படம் சேர்க்கும் பசில் பெட்டிகள் அடுக்கிய தட்டுக்கு முன்னால் பொன்மலர் ஏழு வருடமாக நிற்கிறாள். அதற்கு முன் மானிப்பாயில் ஒரு முன்பள்ளியில் பதினொரு வருடம் படிப்பித்தவள். பிள்ளைகள் குறைந்து முன்பள்ளியை மூடியபோது கிடைத்த வேலை இது. நாற்பத்தெட்டு வயது, தனி ஆள். காலையும் மாலையும் பஸ்ஸில் வந்து போகிறாள்.

அவளுக்கு வேலை பிடிக்கும். வாங்க வருகிறவர்களைத்தான் பிடிப்பதில்லை.

"எங்கடை ஆளுக்கு இரண்டரை வயசு. நூறு துண்டு ஒண்டு தாங்கோ," என்பார்கள்.

"இரண்டரைக்கு நூறு சரிவராது. நாலு துண்டு, மிஞ்சினால் ஆறு."

"நாலு துண்டோ? அவன் சரியான கெட்டிக்காறன்."

"கெட்டிக்காறன் எண்டாலும் வாய்க்குள்ளைதானே வைப்பான். அந்தத் துண்டு ஒவ்வொண்டும் நகத்தளவு."

அப்படியும் நூறு துண்டைத்தான் வாங்கிப் போவார்கள். ஒரு கிழமையில் திரும்ப வந்து, படம் சேரவில்லை, இரண்டு துண்டைக் காணவில்லை, பெட்டி பழுது என்பார்கள். ஒருமுறை வங்கியில் வேலை செய்யும் ஒரு தகப்பன், தன் மூன்று வயது மகள் அறுபது துண்டை இரண்டு நாளாகத் தொடவேயில்லை, மூளை வளர்ச்சியில் ஏதும் குறையோ என்று கடைக்குள் நின்று கேட்டார். அன்று பொன்மலர் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை.

போன மாசி மாதத்தில் செல்வத்துரை வந்தார். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர், எழுபது வயதை நெருங்கியவர். கொழும்புத்துறையில் பின்னேரங்களில் கடற்றொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள இருபத்தாறு பேருக்கும் ஆளுக்கொரு பசில் கொடுக்க வேண்டும் என்றார்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி. உந்தக் கோட்டைப் படம்," என்று மேல் தட்டைக் காட்டினார்.

அது ஐந்நூறு துண்டு. ஏதோ வெள்ளைக்கார நாட்டுக் கோட்டை. மேல் பாதி முழுக்க நீல வானம், கீழே ஏரி. ஏரியிலும் அதே கோட்டை தலைகீழாகத் தெரியும்.

"பிள்ளைகளுக்கு என்ன வயசு, ஐயா?"

"இரண்டிலையிருந்து ஒன்பது வரைக்கும்."

பொன்மலர் பெட்டியை இறக்கவில்லை. "இதை ஒன்பது வயசுப் பிள்ளையே செய்யாது. வானத்திலை மட்டும் இருநூறு துண்டு ஒரே நீலம். எதை எதோடை பொருத்துறது? பெரிய ஆக்களுக்கே கண் வலிக்கும்."

"பிள்ளையளைக் குறைச்சு நினைக்கக்கூடாது, பிள்ளை."

"நான் குறைச்சு நினைக்கேல்லை. இரண்டு வயசுக்குப் பிடி வைச்ச மரத்துண்டு நாலு போதும். ஒரு துண்டிலை ஒரு முழு மாடு, ஒரு முழு வாழைப்பழம், அப்பிடி. மூண்டு வயசுக்கு ஆறிலையிருந்து பன்னிரண்டு. பின்னணியிலை ஒண்டும் இருக்கக்கூடாது, ஒரே ஒரு பெரிய உருவம். ஐஞ்சு வயசுக்கு இருபத்திநாலு, நாற்பது. அதுக்குப் பிறகுதான் சந்தை, தோட்டம் எண்டு கனக்கச் சாமான் உள்ள படம். ஒவ்வொரு மூலையிலும் வேறை வேறை நிறம் இருந்தால்தான் பிள்ளை அந்தத் துண்டு எங்கை போகும் எண்டு கண்டுபிடிக்கும்."

செல்வத்துரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "என்ரை மனிசி ஜெசிந்தா கொழும்புத்துறைதான். கனடாவிலை பனிக்காலம் முழுக்க ஜன்னலுக்குப் பக்கத்திலை இருந்து உப்பிடிக் கோட்டைதான் பொருத்துவா. போன வருசம் மோசம் போனவ. அவவின்ரை நினைவாத்தான் குடுக்கிறன்," என்றார்.

பொன்மலருக்கு எரிச்சல் தணியவில்லை. "உங்களுக்குப் பேரப்பிள்ளையள் இருப்பினமே, அவைக்கு மூண்டு வயசிலை அவ என்ன வாங்கிக் குடுத்தவ?" என்று மட்டும் கேட்டாள்.

"அதெல்லாம் அவதான் பாத்தவ. எனக்கென்ன தெரியும்."

இதற்குள் முதலாளி நதானியேல் காசுமேசையிலிருந்து எழுந்து வந்தான். அவளை விடப் பத்து வயது இளையவன். மூன்று டசின் கோட்டைப் பெட்டிகள் இரண்டு வருடமாக விற்காமல் கிடப்பது அவனுக்குத்தான் தெரியும்.

"அக்கா, ஐயா கேக்கிறதை எடுத்துக் குடுங்கோவன்."

"நீங்கள் குடுங்கோ, தம்பி. நான் குடுக்க மாட்டன். பிள்ளையள் பெட்டியைத் திறந்து பாத்திட்டு மூடி வைக்கும். பேந்து தங்களுக்கு மூளை இல்லை எண்டு நினைக்கும்."

செல்வத்துரை தலையைச் சொறிந்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, நிலையத்தை நடத்தும் றொசாந்தி அனுப்பிய பெயர்ப் பட்டியலைத் தேடி அவளிடம் நீட்டினார். பெயருக்குப் பக்கத்தில் வயது இருந்தது. "சரி, நீரே எடும். ஆனால் சனிக்கிழமை நீரும் வரவேணும். சரிவராட்டில் பிள்ளையளுக்கு நீர்தான் பதில் சொல்லோணும்."

பொன்மலர் அன்று பின்னேரம் வரை தட்டுகளைக் கிண்டினாள். இரண்டு வயதுக் குழந்தைகள் நான்கு பேருக்குப் பிடிவைத்த மரப் பலகைகள். மூன்று வயதுக்குப் பன்னிரண்டு துண்டு யானை. ஐந்து வயதுக்கு நாற்பது துண்டில் ஒரு பஸ். ஏழு வயதுக்கு எண்பது துண்டுச் சந்தைப் படம். ஒன்பது வயதுக்காரர் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கு இருநூறு துண்டில் மிருகக்காட்சிச்சாலை எடுத்தாள். பட்டியலைச் சரிபார்த்தபோது தன் வேலையில் அவளுக்குப் பூரண திருப்தி. செல்வத்துரை மட்டும் போகிற போக்கில் ஒரு கோட்டையையும் வாங்கிப் போனார்.

சனிக்கிழமை பின்னேரம் நிலையத்தின் சிமெந்துத் தரையில் பாய் விரித்துப் பிள்ளைகள் இருந்தார்கள். சின்னவர்கள் அவள் சொன்னபடியே செய்தார்கள். ஒரு குழந்தை வாழைப்பழத்தைக் குழியில் வைத்து, எடுத்து, திரும்ப வைத்து, பத்துத் தடவைக்கு மேல் அதையே செய்தது. ஐந்து வயதுக்காரர் பஸ்ஸின் சில்லுகளை முதலில் பொருத்தினார்கள். செல்வத்துரை பாயிலேயே இருந்துவிட்டார்.

பொன்மலர் அவருக்குப் பக்கத்தில் நின்று, "பாத்தியளே," என்றாள்.

அதைச் சொன்ன வாயை மூட முன்னரே ஒன்பது வயதுக்காரர் பக்கம் கண் போனது. இரண்டு பொடியன்கள் துண்டுகளை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது, கீர்த்திகா என்ற பிள்ளை, இருநூறு துண்டையும் திரும்பப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டுவிட்டாள். தங்கச்சியின் பன்னிரண்டு துண்டு யானையைச் சுவர்ப்பக்கமாகத் திரும்பியிருந்து பொருத்திக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கிறார்களோ என்று இடைக்கிடை திரும்பிப் பார்த்தாள்.

"உன்ரை பெட்டிக்கு என்ன நடந்தது?" என்று பொன்மலர் கேட்டாள்.

"உது ஏலாது."

"ஒன்பது வயசுக்கு ஏலும். முதல் நேர் விளிம்பு உள்ள துண்டெல்லாத்தையும் எடுத்து..."

கீர்த்திகா யானையைக் கலைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பின்னால் நின்ற றொசாந்தி மெதுவாகச் சொன்னாள். "அக்கா, இவையின்ரை வீடுகளிலை ஒருநாளும் பசில் இருந்ததில்லை. இண்டைக்குத்தான் முதன்முதல் கையாலை தொடுகினம்."

பொன்மலருக்கு முகம் சுட்டது. பட்டியலில் வயதைப் பார்த்தாளே தவிர, முன்பு செய்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பள்ளியில் அவள் படிப்பித்த பிள்ளைகள் மூன்று வயதில் தொடங்கிப் படிப்படியாக ஏறியவர்கள். அந்த எண்ணிக்கையைக் கொண்டுவந்து, இன்றைக்குத் தொடங்குகிற பிள்ளையின் தலையில் வைத்துவிட்டாள். கெட்டிக்காறன், நூறு துண்டு தாங்கோ என்று வருகிறவர்களை ஏழு வருடமாகத் திட்டியவள் செய்த வேலை இது. அதைவிட, மூளை இல்லை என்று பிள்ளைகள் நினைக்கும் என்று கடையில் வைத்துச் சொன்னவளும் அவள்தான்.

செல்வத்துரை பொடியன்கள் எறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என்னிலைதான் பிழை, ஐயா," என்றாள். "மூண்டையும் மாத்தித் தாறன்."

திங்கட்கிழமை நதானியேல், திறந்த பெட்டியை மாற்ற ஏலாது என்று ஒரே பிடியாக நின்றான்.

"எத்தினை பேருக்கு நீங்களே உதைச் சொன்னனீங்கள், அக்கா."

"சொன்னனான்தான். இண்டைக்கு எனக்குச் சொல்லுங்கோ, கேக்கிறன்," என்றுவிட்டு, புதிதாக மூன்று பெட்டிகளைத் தன் காசில் எடுத்தாள்.

இந்தமுறை அவள் படத்தில்தான் அதிக நேரம் மினக்கெட்டாள். துண்டு குறைவானதெல்லாம் குழந்தைப்பிள்ளைப் படமாக இருந்தது. தொப்பி போட்ட கரடி, பலூன் பிடித்த முயல். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முன்னால் அதை வைத்தால், பெட்டியைக் கண்டவுடனே அவமானப்படும். துண்டு குறைவாக இருக்கவேண்டும், படம் வளர்ந்த பிள்ளைக்குரியதாக இருக்கவேண்டும். கடைசியில் கீழ்த்தட்டின் மூலையில் அறுபது துண்டுக் கடல் படத்தில் மூன்று பெட்டிகள் அகப்பட்டன. திருக்கை, கணவாய், சிவப்பு நண்டு, மஞ்சள் மீன்கள். தண்ணீர் கொஞ்சம், உயிர்கள் கனக்க. பெட்டியில் ஆறு வயதுக்கு என்று அச்சடிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் விலை ஒட்டும் தாளை ஒட்டி மறைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை கீர்த்திகா முதலில் கிட்ட வரவில்லை. பெட்டியின் படத்தைத் தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு வந்து பாயில் இருந்தாள். பொன்மலர் விளிம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் பெரிய கஷ்டம். பிள்ளை விளிம்பைத் தேடவேயில்லை. நண்டின் சிவப்புத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தாள். பிறகு கணவாய். பிறகு திருக்கையின் வால். முக்கால் மணித்தியாலத்தில் படம் முடிந்தது.

"ரீச்சர், உது பிழை," என்றாள்.

"எது பிழை? எல்லாம் சரியாத்தானே பொருந்தியிருக்கு."

"நண்டுக்குக் கால் காணாது. ஆறுதான் கீறியிருக்கினம். கொடுக்கோடை சேர்த்துப் பத்து இருக்கோணும்."

பொன்மலர் குனிந்து எண்ணினாள். ஆறுதான். இந்தப் பெட்டியை எத்தனை தடவை தூசி தட்டி அடுக்கியிருப்பாள், ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. செல்வத்துரை சத்தமாகச் சிரித்தார். ஜெசிந்தா இருந்தால் பெட்டிக்காரருக்குக் கடிதம் எழுதியிருப்பா என்றார். அவர் வாங்கிய கோட்டையை நிலையத்தின் மூலை மேசையில் றொசாந்தியும் அவரும் பொருத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர் கனடாவுக்குத் திரும்பும்போது வானம் முடியவில்லை.

பொன்மலர் இப்போது இரண்டு கிழமைக்கொருமுறை கொழும்புத்துறைக்குப் போகிறாள். கீர்த்திகா ஆவணியில் நூற்றைம்பதுக்கு வந்துவிட்டாள். மிருகக்காட்சிச்சாலையைத் தானாகக் கேட்டு எடுத்து, இரண்டு நாளில் முடித்தாள். பொடியன்கள் இன்னும் அறுபதில் நிற்கிறார்கள், துண்டு எறிவது குறைந்திருக்கிறது. நிலையத்திலேயே வைத்திருக்கும் பெட்டிகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்துபோகின்றன. யானையின் காது பஸ்ஸுக்குள் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் பெட்டிக்கொரு நிறமாகப் பேனையால் புள்ளி வைத்துப் பிரிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

கடையில் ஆட்கள் மாறவில்லை. போன புதன்கிழமை ஒரு தாய் வந்து, நாலு வயது மகனுக்கு முந்நூறு துண்டு கேட்டாள்.

பொன்மலர் மூச்சை இழுத்து விட்டாள். "இதுக்கு முதல் மகன் என்ன செய்திருக்கிறார்?" என்று கேட்டாள்.

"ஒண்டும் செய்யேல்லை. ஆனால் சரியான கெட்டிக்காறன்."

"ஓம்," என்றாள் பொன்மலர், குனிந்து கீழ்த்தட்டிலிருந்து பன்னிரண்டு துண்டை எடுத்தபடி.