அருளண்ணையின் ஆறு எண்கள்

"அருளண்ணை மோசம் போயிட்டார்" என்று நோபல் பார்க் பகுதியிலிருந்து அவருடைய மருமகன் அழைத்து மரணச் செய்தி சொன்னபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவரோடு எனக்கு ஒரு வாக்குவாதம் முடியாமல் கிடந்தது.

ஸ்பிரிங்வேலில் அவருடைய மளிகைக் கடைக்குப் போன உங்கள் எல்லாருக்கும் அந்த எண்கள் தெரியும்: 4, 9, 11, 17, 22, 28. அவரும் மனைவியும் நான்கு பிள்ளைகளும் பிறந்த தேதிகள். சனிக்கிழமை லாட்டரிக்கு வருடக்கணக்காக அவற்றையே போட்டார். கறிவேப்பிலை கட்டிக் கொடுக்கும்போது அவற்றையும் சேர்த்துச் சொல்லுவார்.

அவருடைய வரிக் கணக்கைப் பார்த்தவன் நான். ஒருநாள் விளக்கிச் சொன்னேன். நாற்பத்தைந்து எண்களில் ஆறு. எந்த ஆறைப் போட்டாலும் எண்பத்தொரு லட்சத்துக்கும் மேற்பட்டதில் ஒன்றுதான் வாய்ப்பு. எத்தனை வருடம் போட்டாலும் அந்த வாய்ப்பு கூடப்போவதில்லை. ஆனால் முதல் பரிசை, ஆறும் சரியாக வந்த அத்தனை சீட்டுகளுக்கும் சமமாகப் பிரிப்பார்கள்.

"பிறந்த தேதியெண்டு கனபேர் முப்பத்தொண்டுக்குள்ளயே போடுகினம். அதுக்கு மேலயும் எடுங்கோ. ஆருக்கும் சொல்லாதேங்கோ."

"மாத்தின கிழமை பழசு விழுந்தா? பிறகு நான் நித்திரை கொள்ளேலுமே?"

பழசே விழுந்தது. ஆறும். கடை இருந்த கட்டடம் விற்பனைக்கு வந்திருந்த மாதம் அது. வாங்கிவிடலாம் என்று சிரித்துக்கொண்டே எனக்குப் போன் எடுத்தார். பிறகுதான் தெரிந்தது, முதல் பரிசுக்கு இருபத்தெட்டுச் சீட்டுகள். அவருக்குக் கிடைத்த பங்கு போதவில்லை. மீதிக்கு அந்த வயதில் வங்கி கடன் தரவில்லை. கட்டடம் வேறொருவர் கைக்குப் போய் வாடகை ஏறியது.

பரிசு விழுந்ததற்கு அடுத்த சனிக்கிழமையும் அதே எண்களைப் போட்டார். நான் கத்தினேன்.

"வாய்ப்பு முந்தி மாதிரித்தானே? நீர்தானே சொன்னனீர்" என்றார். அது சரிதான். அதனால் இன்னும் எரிந்தது.

வென்ற இருபத்தெட்டுச் சீட்டுகளில் ஒன்று கடையின் பின்தெருவில் இருக்கும் ராசமணி அன்ரியுடையது. அருளண்ணையிடம் கேட்டறிந்த எண்கள்தான். வென்றபின் அன்ரி கடைப் பக்கம் வரவேயில்லை.

"காசு போகட்டும். ராசமணி ஏன் வாறேல்ல?" என்று அருளண்ணை என்னிடம் கேட்டார். அன்ரிக்குப் பிடித்த கருவாட்டை, வாடகை கட்ட முடியாமல் கடையை மூடும்வரை ஒவ்வொரு கிழமையும் எடுத்துவைத்தார்.

"நீங்கள் போய்க் கேளுங்கோ அண்ணை."

"நான் போனா, பங்கு கேக்க வந்தனான் எண்டு நினைப்பா."

மரணச் சடங்கில் ராசமணி அன்ரி கடைசி வரிசைக் கதிரையில் இருந்தார். "அவர் கோவமா இருப்பாரெண்டு பயந்தனான்" என்றார். கருவாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

அருளண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது கோபம்தான். கோபமில்லை என்ற நல்லதைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் போன மனிதர்மேல் வரும் கோபம். அது சீக்கிரம் ஆறுவதை நான் விரும்பவில்லை.